டிகாஃப் காப்பியில் காஃபின் மிச்சமிருக்கிறதா? கேள்வி பதில்

பினாங்கின் பிறை பகுதியில் உள்ள ஒரு காப்பி வறுவல் ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன் என்பதால், சென்ற வாரம் டிகாஃப் பற்றி எழுந்த கேள்விகளுக்கு நான் பதில் எழுதுகிறேன். மருந்து, நோய் ஆகியவற்றில் நான் வல்லவன் அல்லன். அத்தகைய கேள்விகளில் தூளின் கணக்கை மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

"ஐயா, நான் ஐந்து மாதக் கர்ப்பிணி, செந்தூலில் இருக்கிறேன். நான் வாங்கும் பாக்கெட்டில் '99.9 விழுக்காடு காஃபின் அற்றது' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதானே மிச்சம்? ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?"

ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனால் எதனுடைய ஆயிரம் என்பதைப் பார்க்க வேண்டும். கொட்டையில் முதலில் இருந்த காஃபினில் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கிறது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்த வரி சொல்வது வேறு: காப்பித் தூளின் மொத்த எடையில் 0.1 விழுக்காடு காஃபின் இருக்கிறது என்பதே அதன் பொருள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வறுத்த டிகாஃப் காப்பிக்கு விதிக்கப்பட்டுள்ள உச்ச வரம்பும் இதே 0.1 விழுக்காடுதான்.

இந்த வரியின் தந்திரம் என்னவென்றால், எந்தக் காஃபினும் நீக்கப்படாத சாதாரண அராபிகா கொட்டையிலேயே ஏறத்தாழ 1.2 விழுக்காடுதான் காஃபின் இருக்கிறது. அதே முறையில் எழுதினால் அதையும் '98.8 விழுக்காடு காஃபின் அற்றது' என்று பாக்கெட்டில் அச்சிடலாம். யாரும் அச்சிடுவதில்லை என்பது நம் நல்ல காலம்.

உங்கள் கோப்பையைக் கணக்கிடுவோம். வடிகட்டிப் போடும் ஒரு கோப்பைக்குப் பத்து கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால், சாதாரண அராபிகாவில் அது 120 மில்லிகிராம் காஃபின், 0.1 விழுக்காடு வரம்பைத் தொட்டு நிற்கும் டிகாஃபில் 10 மில்லிகிராம். '97 விழுக்காடு காஃபின் நீக்கப்பட்டது' என்று எழுதியிருக்கும் பாக்கெட் வேறு கணக்கு, ஏனென்றால் அது முதலில் இருந்த காஃபினைத்தான் சொல்கிறது: 120 மில்லிகிராமில் 97 விழுக்காடு போனால் மிஞ்சுவது 3.6 மில்லிகிராம். ஆக, 97 என்று போட்ட பாக்கெட்டில் 99.9 என்று போட்டதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அந்த வரம்பில் இரண்டு கோப்பை டிகாஃப் ஒரு சிறு பகுதிதான். ஆனால் தே தாரேக்கும் கோலாவும் அதே கணக்கில் சேரும் என்பதையும், கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் உடல் காஃபினை வெளியேற்ற வழக்கத்தைவிட மிக நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். உங்களுக்குப் பொருத்தமான அளவை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

"அண்ணே, இதற்கு ஆலை எல்லாம் எதற்கு? பச்சைக் கொட்டையை வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காஃபின் போய்விடும். தண்ணீர் முறை என்று விளம்பரம் செய்வதும் அதைத்தானே? பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே செய்து பார்க்கப் போகிறேன்."

பாதி சரி, தம்பி. வெந்நீரில் காஃபின் கரையும், அதனால் தண்ணீரோடு வெளியே வரும். ஆனால் அது தனியாக வருவதில்லை. வறுக்கும்போது நிறமாகவும் மணமாகவும் மாற வேண்டிய சர்க்கரையும் அமிலங்களும் அதே தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டினால் காஃபினோடு காப்பியையும் சேர்த்துத்தான் கொட்டுகிறீர்கள். இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது: காஃபினை வெளியே எடுப்பது எளிது, மற்றவற்றை உள்ளேயே நிறுத்திவைப்பதுதான் கடினம்.

தண்ணீர் முறைக்காரர்கள் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதல் தொகுதிக் கொட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, அதில் கரையக்கூடிய எல்லாவற்றையும் இறங்கவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரை, காஃபினைப் பிடித்துக்கொள்ளும் வகையில் தயாரித்த கரி வழியாகச் செலுத்துகிறார்கள். கரி காஃபினை நிறுத்திக்கொள்கிறது, சர்க்கரையும் அமிலங்களும் தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன. முதல் தொகுதிக் கொட்டைகள் சாரம் இழந்தவை. அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆனால் இப்போது கையில் இருப்பது காஃபின் தவிர மற்ற எல்லாமும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் தண்ணீர். அதில் இரண்டாம் தொகுதிக் கொட்டையைப் போட்டால், சர்க்கரைக்கும் அமிலங்களுக்கும் வெளியே இடமில்லை, அதனால் அவை கொட்டையிலேயே இருந்துவிடுகின்றன. வெளியே இடம் இருக்கும் ஒரே பொருளான காஃபின் மட்டும் இறங்குகிறது. அந்தத் தண்ணீரை மீண்டும் கரியில் விட்டு, மீண்டும் கொட்டைக்குத் திருப்பி, ஏறத்தாழ எட்டு முதல் பத்து மணி நேரம் இப்படியே சுற்றவிடுகிறார்கள். வீட்டு அடுப்பங்கரையில் இதைச் செய்ய இயலாது. செய்து பார்த்தால், வைக்கோல் சுவையில், காஃபினும் முழுமையாகப் போகாத ஒரு காப்பி கிடைக்கும்.

"அப்படியானால் மற்ற டிகாஃப் எல்லாம் இரசாயனத்தில் செய்ததுதானே? பெயின்ட் நீக்கும் திரவத்தைக் காப்பியில் ஊற்றுகிறார்கள் என்று என் மகள் காட்டினாள். கொட்டையை வறுத்த பிறகு அதில் ஊறவைப்பார்களாம். (கிள்ளான்)"

உங்கள் மகள் சொன்ன திரவம் உண்மைதான், நேரம்தான் தவறு, அக்கா. காஃபினை நீக்குவது எப்போதும் பச்சைக் கொட்டையில், வறுப்பதற்கு முன்பு. அந்த வரிசை மிக முக்கியமானது.

திரவத்தின் பெயர் மெத்திலீன் குளோரைடு. முதலில் கொட்டைக்கு நீராவி காட்டி ஈரமாக்கி உப்பவைக்கிறார்கள், ஏனென்றால் உலர்ந்த கொட்டையில் காஃபின் இறுகக் கட்டுண்டு கிடக்கும். ஈரம் சேர்ந்தால்தான் அது அவிழும். பிறகு கரைப்பானைப் பல முறை ஓடவிட்டு வடித்து, மீண்டும் நீராவி செலுத்தி எஞ்சிய கரைப்பானை விரட்டுகிறார்கள். அது சுமார் 40 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும் பொருள். அதன் பின் கொட்டை 200 பாகைக்கு மேல் வறுபடுகிறது. அப்படியும் மிஞ்சக்கூடிய துளிக்கு அமெரிக்காவில் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு, ஐரோப்பாவில் இரண்டு பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

முன்பு இதைவிட மோசமானதைப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியின் பிரெமன் நகரில் லுட்விக் ரோசெலியுஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிக அளவில் டிகாஃப் செய்தபோது அவர் கையாண்டது பென்சீன். இன்று அதைத் தொடவே அஞ்சுவோம்.

மெத்திலீன் குளோரைடு பெயின்ட் நீக்கும் வேலை செய்பவர்களுக்கு ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. பூட்டிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்தவர்கள் இறந்திருக்கிறார்கள்; 2024இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது. அந்தத் தடை காப்பிக்குப் பொருந்தாது. காப்பியிலும் அதை நிறுத்த வேண்டுமா என்பதில் வல்லுநர்களே இரு பக்கமாக நிற்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், கோப்பையில் வந்து சேரும் அளவைக் கண்டு நான் அஞ்சவில்லை, ஆனால் வேறு வழிகள் இருக்கும்போது அதை வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பாக்கெட்டில் முறையின் பெயர் இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

"கேஸ் வைத்து நீக்குகிறார்கள் என்கிறார்களே, அது என்ன?"

கரியமிலவாயுவைச் சொல்கிறீர்கள். அதை 31 பாகைக்கு மேல் சூடாக்கி, கடும் அழுத்தத்தில் வைத்தால் அது வாயுவும் இல்லாத திரவமும் இல்லாத ஒரு நிலைக்கு வரும். அந்த நிலையில் அது ஈரக் கொட்டைக்குள் புகுந்து காஃபினைக் கரைத்து எடுத்து வருகிறது, மற்றவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. 1960களில் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தின் வேதியியலாளர் குர்ட் சோசல் கண்டறிந்தது இது. கருவிகளுக்குச் செலவு அதிகம் என்பதால் பெரிய ஆலைகளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

"என் அம்மாவுக்கு 72 வயது, ஜார்ஜ் டவுனில் இருக்கிறார். நெஞ்சு படபடக்கிறது, காஃபினை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். அன்று முதல் கோப்பித்தியாமில் கோப்பி ஓ கோசோங்தான் வாங்கிக் கொடுக்கிறோம். இருந்தும் படபடப்புக் குறையவில்லை. அதிலும் கொஞ்சம் மிச்சமிருக்குமோ?"

கொஞ்சம் இல்லை, தம்பி, முழுவதும் இருக்கிறது. கோசோங் என்றால் வெறுமை. கடையில் அதற்குப் பொருள் சர்க்கரை இல்லாதது, காஃபின் இல்லாதது அன்று. இன்னும் சொன்னால், நம் கோப்பித்தியாம் தூள் பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டை. அதில் அராபிகாவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு காஃபின், அதாவது 2.2 விழுக்காடு அளவில் இருக்கும். பாலும் சர்க்கரையும் இல்லாமல் கறுப்பாகக் கொடுப்பதனால் அது குறைந்துவிடுவதில்லை. இன்றே நிறுத்திவிட்டு, இத்தனை நாள் அவர் குடித்தது என்ன என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். படபடப்புக்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடும்.

"பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் இரவு ஒன்பது மணிக்கு டிகாஃப் குடித்தால் எனக்கு இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. பத்து மில்லிகிராம் ஒருவரை எழுப்பி வைக்குமா, ஐயா? அவர்கள் ஏமாற்றுகிறார்களா? குடித்துப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?"

நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. காப்பியின் கசப்பில் காஃபினின் பங்கு சிறிது. பெரும்பகுதி வறுவலில் உருவாவது. கண்ணாலும் கடினம். காஃபின் நீக்கிய பச்சைக் கொட்டை பழுப்பாக மாறிவிடும், வறுக்கும்போது சீக்கிரம் கருத்து, மேற்பரப்பில் எண்ணெய் கசியும். நான் வேலை செய்த ஆலையில் ஒரு முறை டிகாஃப் தொகுதியை வழக்கமான நிறம் வரும் வரை வறுக்க வேண்டும் என்று சொல்லி, நிறம் முன்கூட்டியே வந்துவிட்டதால் உள்ளே பச்சையாகவே இறக்கிவிட்டோம். வேர்க்கடலைத் தோல் போன்ற சுவையில் ஒரு தொகுதி முழுவதும் வீணானது. இவையெல்லாம் முழுக் கொட்டையில் தெரியும். அரைத்து, பால் ஊற்றிய பிறகு ஆய்வகத்தில் அளந்தால் ஒழிய உறுதி இல்லை.

பத்து மில்லிகிராம் பெரும்பாலோரை எழுப்பி வைக்காது. ஆனால் காஃபினை உடைக்கும் வேகம் மனிதருக்கு மனிதர் பெரிதும் மாறுபடும். காப்பி குடித்தோம் என்ற நினைப்பே சிலரை விழித்திருக்கச் செய்வதும் உண்டு. கடைக்காரர் இரு டப்பாக்களுக்கும் ஒரே கரண்டியைப் போட்டிருக்கலாம், அல்லது அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்கலாம். ஏமாற்று என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மூடி திறக்காத ஒரு பாக்கெட்டை வாங்கி, வீட்டில் அதே நேரத்தில் ஐந்து இரவுகள் குடித்துப் பாருங்கள். அப்போதும் தூக்கம் வராவிட்டால் காரணம் உங்கள் உடம்பிலோ உங்கள் நினைப்பிலோ இருக்கலாம்; வந்துவிட்டால் அந்தக் கடையின் டப்பாவைச் சந்தேகிக்கலாம். உங்கள் விடையை எனக்கும் எழுதுங்கள்.