குளித்த தண்ணீர் வாழைக்கு: வாட்டம், சேம்பர், குழி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: தாம்பரம் பக்கம் சின்ன தனி வீடு, நான்கு பேர். குளியலறைத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்ப வேண்டும். தொட்டி, மோட்டார், ஃபில்டர் என்று பிளம்பர் பெரிய பட்டியல் தருகிறார். எல்லாம் தேவையா?

மூன்றும் வேண்டாம். குளித்த தண்ணீரைத் தேக்கினால் ஒரே நாளில் நாறும். அதில் இருக்கும் அழுக்கும் சோப்பும் காற்றில்லாமல் அழுகுவதுதான் காரணம். வாழை ஓரத்தில் ஒரு குழி எடுத்து, அன்றைய தண்ணீர் அன்றே அதன் வழியாக மண்ணுக்குள் போய்விட்டால் தொட்டிக்கு வேலை இல்லை. தொட்டி இல்லையென்றால் மோட்டாரும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது மட்டம். உங்கள் வீட்டுத் தளம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். குளியலறைத் தரையில் உள்ள நஹானி டிராப்பில் இறங்கி வரும் பைப் பொதுவாகத் தளத்துக்கு 8 அங்குலம் கீழே சுவரைத் துளைத்து வெளிவரும். அதாவது, வெளித்தரைக்கு 10 அங்குலம் மேலே. பைப்புக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். வாழைக்குழி 24 அடி தள்ளி இருந்தால் மொத்தம் 6 அங்குலம் இறங்கும். வெளிச்சுவர் ஓரத்தில் ஒரு சேம்பர் கட்டி, அதிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பைப்பைத் தரைக்கு 4 அங்குலம் கீழே தொடங்கினால், குழியில் அது 10 அங்குல ஆழத்தில் முடியும். குழி இரண்டடி ஆழம் என்றால் இது தாராளமாகப் போதும். குழி எடுக்கும் முன்பே டியூப் லெவல் வைத்து இரண்டு முனையையும் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குச் சரிவாகத் தெரியும் மனை பல நேரம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

பைப் 75 மி.மீ. பி.வி.சி. போதும். தொடக்கத்தில் அதன் மேல் மண் மெல்லியதாகத்தான் இருக்கும். அதனால் ஆள் நடக்கும் பாதையில் இல்லாமல் மதில் ஓரமாகக் கொண்டுபோங்கள். திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 போட்டால் தலைமுடி அடைக்காது.

கேள்வி: அந்த சேம்பர் எதற்கு? நேராகவே இழுத்துவிட்டால் என்ன?

மழைக்காலத்தில் தெரியும். ஐப்பசியில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும்போது தினமும் இருநூறு லிட்டர் விட்டால் குழி குட்டையாகிவிடும். அப்போது சாக்கடைக்கே திருப்ப வழி வேண்டும். குளியலறையை ஆசிட், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளிலும் குழந்தையின் மலத்துணி அலசும் நாளிலும் அதே தேவை.

75 மி.மீ. பால் வால்வு விலை அதிகம், முடி சிக்கினால் திரும்பாது. ஒன்றரை அடிச் சதுர சேம்பரே மேல். வரும் பைப் உயரத்தில் இருக்கட்டும். இரண்டு வாழைக்குழிக்கு இரண்டு தோட்டப் பைப் ஒரே மட்டத்தில், அதற்கு 2 அங்குலம் மேலே சாக்கடைப் பைப். எந்தக் குழிக்குத் தண்ணீர் வேண்டாமோ அந்தப் பைப் வாயில் மூடியைப் பசை போடாமல் செருகிவிடுங்கள். இரண்டையும் மூடினால் தண்ணீர் தானாகச் சாக்கடைக்கு ஏறிப் போகும். தோட்டப் பைப் அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான், குளியலறைக்குள் எதிர்த்து வராது. இரண்டு அங்குலத் தண்ணீர் அடியில் நிற்கும். தினமும் புதுத் தண்ணீர் வந்து மாற்றிவிடும் என்பதால் நாறாது. கொசு நுழையாதபடி மேல்மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். சாக்கடைப் பக்கம் ஒரு கல்லி டிராப் கட்டாயம். அதை விட்டால் கரப்பான் பூச்சிக்கும் நாற்றத்துக்கும் நீங்களே பாதை போட்டதாகும்.

கேள்வி: குழியை எப்படி நிரப்புவது? எங்கள் களிமண்ணில் தண்ணீர் இறங்குமா?

மூன்றடி அகலம், இரண்டடி ஆழம். அடியில் தேங்காய் மட்டை, காய்ந்த குச்சி, சருகு. பைப் முனை எதிலும் முட்டாமல், நாலு அங்குலக் காற்று இடைவெளி விட்டுத் தண்ணீர் கீழே விழ வேண்டும். இடைவெளி இல்லையென்றால் வேர் பைப்புக்குள் ஏறிவிடும். அந்த இடத்தில் அடி வெட்டிய பழைய பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, மேலே ஒரு ஓடு வைத்து, சுற்றிலும் மூடாக்கு போடுங்கள். ஓட்டைத் தூக்கிப் பார்த்தாலே பைப் ஓடுகிறதா என்று தெரியும்.

பைப் முனைக்குக் கீழே உள்ள இடத்தில் பாதி மூடாக்குக்குப் போக, சுமார் 100 லிட்டர் பிடிக்கும். நான்கு பேர் ஆளுக்கு 50 லிட்டர் குளித்தால் 200. அதனால்தான் இரண்டு குழி சொன்னேன்.

களிமண்ணுக்கு ஒரு சோதனை உண்டு. ஓரடிக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி வற்ற விட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவையும் சில மணி நேரத்தில் வற்றினால் கவலையில்லை. மறுநாள் வரை நின்றால் அகலத்தைக் கூட்டுங்கள், மூன்றாவது குழி சேருங்கள். ஆழப்படுத்திப் பயனில்லை, வாழை வேர் மேல்மண்ணில்தான் இருக்கிறது. மட்டை ஓராண்டில் மக்கி இறங்கும். அள்ளி மரத்தடியில் போட்டுவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

கேள்வி: வாஷிங் மெஷின் ஹோஸை நேராகத் தோட்டப் பைப்பில் செருகினோம். மெஷின் தண்ணீர் நிரப்பிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை.

மெஷினில் பழுதில்லை. ஹோஸ் முனை பைப்புக்குள் இறுக்கமாக, தரையோடு தாழ்வாக இருக்கிறது. காற்று புக இடமில்லாததால் ஒருமுறை ஓடத் தொடங்கிய தண்ணீரோடு டப்பில் புதிதாக நிரம்புவதும் உறிஞ்சப்பட்டுப் போகிறது. இரண்டு அங்குலப் பைப்பை நிமிர்த்தி நிறுத்தி, மெஷின் கையேட்டில் சொன்ன உயரத்தில் ஹோஸைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். நின்றுவிடும். ஹோஸைவிடச் சின்னப் பைப்பில் சேர்க்காதீர்கள், பம்ப் திணறும். செமி ஆட்டோமேட்டிக்கில் பொதுவாகப் பம்ப் கிடையாது. அதை நஹானி டிராப்பிலேயே விடுவதுதான் வழி.

முனையில் நைலான் சாக்ஸ் கட்டினால் பஞ்சு தங்கும், அடிக்கடி கழற்றி அலச வேண்டும். சொட்டுநீர்ப் பைப்பில் மட்டும் இதை விடாதீர்கள். ஒரு மாதம் தாங்காது.

கேள்வி: துணி துவைத்த தண்ணீர் விட்ட பிறகு இட்லிப்பூச் செடியில் புது இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை.

சலவைத் தூளில் உள்ள சோடா மண்ணைக் காரமாக்குகிறது. கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இட்லிப்பூவுக்கு அது முதலில் தெரியும். அதற்கு நல்ல தண்ணீரே விடுங்கள். வாழை, கல்வாழை, தென்னை ஓரளவு தாங்கும். தூளுக்குப் பதில் திரவ சோப்பில் பொதுவாக உப்பு குறைவு.

மேல்மண் காய்ந்ததும் ஓடுபோல இறுகி, தண்ணீர் உள்ளே போகாமல் மேலே நின்றால் சோடியம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஜிப்சம் தூவிக் கிளறி, சில வாரம் சலவைத் தண்ணீரை நிறுத்துங்கள். கீரை, முள்ளங்கிப் பாத்திக்கு எந்த நிலையிலும் வேண்டாம்.

கேள்வி: கழிப்பறையும் குளியலறையும் ஒரே அறை. பிரிக்க முடியுமா?

வெளி சேம்பர் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நஹானி டிராப் தண்ணீர் தனிப் பைப்பில் வந்தால் அந்தப் பைப்பை மட்டும் வெட்டித் திருப்பலாம். கழிப்பறைப் பைப் வழியாகவே வந்தால் தளத்துக்கு அடியிலேயே சேர்ந்திருக்கிறது. தளத்தை உடைப்பதற்குப் பதில் வாஷ் பேசின், மெஷின் தண்ணீரே போதும் என்று விட்டுவிடுவேன்.

கேள்வி: மீதித் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழியில் விடலாமா?

கூடாது. அது நேரே நிலத்தடி நீருக்குப் போகும் வழி. உங்கள் போர்வெல்லும் பக்கத்து வீட்டுப் போர்வெல்லும் அங்கிருந்துதான் எடுக்கின்றன. திறந்த கிணறும் விரிசல் விட்ட சம்ப்பும் இருக்கும் பக்கமும் குழி வேண்டாம்.