ஒரே இரவில் செவிவழியாக ஒரு மெட்டு

கேள்வி: நாளைக் காலை திருமணத்தில் புதிய பாட்டு ஒன்றை வாசிக்கச் சொல்கிறார்கள். எங்கள் பேண்டில் யாருக்கும் நொட்டேஷன் தெரியாது. ஓர் இரவில் கேட்டே பழக முடியுமா?

முடியும். ஆனால் இந்நேரம் உங்கள் குழுவினர் ஊதத் தொடங்கியிருப்பார்கள். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். இரவு முழுக்க ஊதிய டிரம்பெட் கலைஞருக்கு உதடு தளர்ந்துவிடும். காலையில் மேல் ஸ்தாயி எழும்பாது.

எங்களிடமும் திருமணத்துக்கு முந்தின இரவில்தான் கேட்டார்கள். வாசிப்பவர்களுக்கும் நேரம் வேண்டும் என்பதை அழைப்பவர்கள் ஏனோ நினைப்பதே இல்லை. எங்கள் மூத்த கிளாரினெட் கலைஞர் கருவிகளைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, பதிவை ஓடவிட்டு எல்லாரையும் பாட வைத்தார். பாட்டு மூன்று கட்டையில் இருந்தது. அந்தச் சுருதியில் டிரம்பெட்டுக்கும் ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கும் விரலமைப்பு மிகக் கடினம் என்பதால், அரைக்கட்டை இறக்கி இரண்டரையில் வாசிப்பது என்று அப்போதே முடிவு செய்தார். பல்லவி மனத்தில் நின்ற பிறகு, டிரம்பெட் கலைஞர் ஊதாமல் வால்வுகளை மட்டும் அழுத்திக்கொண்டே பாடினார்.

கருவிகளை எடுத்து மெல்ல வாசித்தபோது, அனுபல்லவியில் ஓரிடத்தில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் அரைச்சுர இடைவெளியில் உரசின. ஏறும்போது உயர்ந்த நிஷாதமான காகலி, இறங்கும்போது அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த கைசிகி நிஷாதம் என்பதே அந்த மெட்டின் அழகு. டிரம்பெட் கலைஞர் இரண்டு இடத்திலும் காகலியையே பிடித்திருந்தார். ஒரே மாதிரி தொடங்கும் அடிகள் ஒரே மாதிரிதான் முடியும் என்று காது தானாகவே எண்ணிக்கொள்கிறது. "தம்பி, நிஷாதத்தில் நின்று, அங்கிருந்து ஷட்ஜத்துக்கு ஏறிப் பார்" என்றார் மூத்தவர். பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அந்த இடத்தில் நிறுத்தி டிரம்பெட் கலைஞர் ஏறிப் பாடியபோது, இடைவெளி அரைச்சுரமன்று, முழுச்சுரம் என்பது அவருக்கே விளங்கிவிட்டது.

நொட்டேஷன் கற்றிருந்தால் இத்தனை பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நானும் அதை மதிக்கிறேன். ஆனால் அச்சில் வராத பாட்டை யாரோ ஒருவர் முதலில் காதால் கேட்டுத்தானே எழுத வேண்டும்?

பதிவில் வயலின்கள் மூச்சுவிடாமல் ஓடிய நீண்ட அடியை இரண்டாகப் பிரித்தோம். முதல் பாதி டிரம்பெட்டுக்கு. அதன் கடைசிச் சுரத்திலேயே கிளாரினெட் சேர்ந்துகொள்ளும். காலையில் சுருதி சேர்க்கும் முன் மீண்டும் ஒருமுறை பாட வைத்தார் மூத்தவர். தூக்கத்துக்குப் பின் டிரம்பெட் கலைஞரின் நிஷாதம் பழையபடி காகலிக்கே திரும்பியிருந்தது, அங்கேயே திருத்திக்கொண்டோம். மணமக்கள் மேடையேறும் வரை பல்லவியையும் அனுபல்லவியையும் மாற்றி மாற்றி வாசித்தோம். சரணத்தை நாங்கள் பழகவே இல்லை. நீங்களும் இன்றிரவு அதைத் தொடாதீர்கள்.