‘பார்க்கலாம்’ என்று இழுத்தடிப்பதைவிட ‘இயலாது’ என்பது நல்லது

அன்புள்ள அம்மா,

தங்கள் மகள் ஹவுஸ் சர்ஜனாக இரவுப் பணியும் பார்த்துக்கொண்டு நீட் முதுநிலைத் தேர்வுக்கும் படித்துவருகிறார் என்றும், சமூகப்பணி முதுகலை மாணவி ஒருவர் பயிற்சி மருத்துவர்களின் தூக்கமின்மை பற்றிய தமது புராஜெக்டுக்காக அவரிடம் முக்கால் மணி நேர நேர்காணல் கேட்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். நேரமில்லாதபோது மறுப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. இரண்டு வாரங்களாகத் தங்கள் மகள் சொல்லிவரும் ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான் எனக்குக் கவலை தருகிறது.

இத்தகைய ஆய்வுகளில் மாணவர்கள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேரிடம்தான் விரிவாகப் பேசுவார்கள். ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுதி முடிக்கவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், கடைசி வாரத்தில் கிடைக்கும் நேர்காணல் அவருக்கு அதிகம் பயன்படாது. முதல் நாளே மறுத்திருந்தால் அந்த மாணவி வேறொரு பயிற்சி மருத்துவரை அணுகியிருப்பார். அரைமனதாக ஒப்புக்கொண்டு பத்தாவது நிமிடத்தில் வார்டுக்கு ஓடுவதும் உதவியாகாது. பாதிக் கேள்விகளுக்கு மட்டும் விடையுள்ள பதிவை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது.

ஆய்வில் பங்கேற்பது முழுக்க விருப்பத்தின் பேரில்தான் அமைய வேண்டும் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் வலியுறுத்துகின்றன. ஆகவே காரணத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. இன்றே இப்படி எழுதச் சொல்லுங்கள்:

“வணக்கம். தங்கள் ஆய்வுக்கு என்னை அழைத்தமைக்கு நன்றி. பணியும் தேர்வுத் தயாரிப்பும் சேர்ந்திருப்பதால் நேர்காணலுக்கு என்னால் நேரம் ஒதுக்க இயலாது. இதை முன்பே சொல்லாமல் தங்களைக் காக்க வைத்ததற்கு வருந்துகிறேன். எனக்குப் பதிலாக வேறொருவரைத் தாங்கள் அணுகலாம்.”

‘தேர்வு முடிந்ததும் பார்ப்போம்’ என்று இதில் சேர்க்க வேண்டாம். அந்த மாணவி புராஜெக்டை ஒப்படைக்க வேண்டிய நாள் அதற்கு முன்பே வந்துவிடலாம்; வராவிட்டாலும் மீண்டும் ஒரு காத்திருப்புத் தொடங்கும். உடன் பணிபுரியும் தோழி யாரேனும் பேச முன்வருவார் என்று தோன்றினால், அவரிடம் முதலில் கேட்டுச் சம்மதம் பெற்ற பிறகே அவருடைய எண்ணைக் கொடுக்க வேண்டும். மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடையளிக்க உண்மையாகவே இயலுமென்றால் அதைச் சொல்லலாம். ஆனால் நேர்காணல் முறையில் அமைந்த ஆய்வில் எழுத்து விடை ஏற்கப்படுமா என்பதை அந்த மாணவியின் கைடுதான் முடிவு செய்வார்.

ஒருவேளை தங்கள் மகள் ஏற்கெனவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுச் சிறிது நேரம் பேசியிருந்தாலும் இடையில் விலகிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அப்போது, அதுவரை பதிவானதைப் பயன்படுத்தலாமா அல்லது அழித்துவிட வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.