முதலில் பிஎல் கைக்கு வரட்டும், விலகல் கடிதம் பிறகு

கேள்வி: கரூரில் சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்கிறோம். கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தரும் ஒரு ஃபார்வர்டரோடு இரண்டு வருட ஒப்பந்தம். முப்பது நாள் நோட்டீஸில் விலகலாம். தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க்குக்கு எல்சிஎல்லாக, அதாவது மற்றவர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில், அனுப்பிய ஏழு சரக்கில் மூன்று நனைந்து போய்ச் சேர்ந்தன. அவற்றில் முதலாவது போய் பத்து மாதம் ஆகிறது. முதல் இரண்டும் கப்பல் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் நாங்கள் கட்டும் சிஐஎஃப், மூன்றாவது சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு எங்கள் பொறுப்பு முடியும் எஃப்ஓபி. பையர் 6.4 லட்சம் பிடித்துக்கொண்டார். ஃபார்வர்டருக்கு 2.8 லட்சம் பாக்கி. எட்டாவது சரக்கு இப்போது கப்பலில். முழுப் பாக்கியையும் கட்டினால்தான் அதன் பிஎல், அதாவது சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய பில் ஆஃப் லேடிங், தருவேன் என்கிறார். எப்படி விலகுவது, நஷ்டஈட்டை எப்படி வாங்குவது?

பதில்: விலகல் கடிதத்தை இன்று அனுப்பாதீர்கள். எட்டாவது சரக்கின் அசல் பிஎல், அதாவது ஃபார்வர்டர் உங்களுக்குக் கொடுக்க வேண்டிய ஹவுஸ் பிஎல், அவர் கையில் இருக்கிறது. ஷிப்பிங் லைன் கொடுத்த மாஸ்டர் பிஎல்லில் சரக்குப் பெறுபவராக இருப்பவர் உங்கள் பையர் அல்ல, ஹாம்பர்க்கில் உள்ள ஃபார்வர்டரின் ஏஜென்ட். அதனால் நேரே லைனிடம் போய்ச் சரக்கை விடுங்கள் என்று கேட்க முடியாது. ஹவுஸ் பிஎல் வந்தால்தான் அந்த ஏஜென்ட் விடுவார். நீங்கள் கோபத்தில் எழுதும் கடிதத்தின் விலையை ஹாம்பர்க் கிடங்கு வாடகையாக நீங்களே கட்ட வேண்டி வரும்.

எட்டாவது சரக்குக்கான பில் தொகையை மட்டும் முதலில் கட்டுங்கள். அது 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கிப் பரிமாற்றம் செய்த கையோடு, 'இந்தத் தொகை இந்த எண் பில்லுக்கு மட்டும்' என்று மெயில் போடுங்கள். கடன்பட்டவர் எந்தக் கணக்குக்கு என்று சொல்லிக் கட்டினால், வாங்கிக்கொண்டவர் அந்தக் கணக்கில்தான் வரவு வைக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59-வது பிரிவு. 221-வது பிரிவு ஏஜென்டுக்குக் காகிதங்களைப் பிடித்துவைக்கும் உரிமை தருகிறது, ஆனால் அந்தக் காகிதம் தொடர்பான பாக்கிக்கு மட்டுமே. பழைய சரக்குகளின் 2.1 லட்சத்துக்காக இதை மடக்கிவைக்க, ஒப்பந்தத்தில் 'ஜெனரல் லியன்', அதாவது எந்தப் பாக்கிக்கும் எந்தச் சரக்கையும் பிடித்துவைக்கும் உரிமை, என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளையும் படியுங்கள், அது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இருந்தால், 'ஆட்சேபத்துடன் கட்டுகிறோம்' என்று எழுதி முழுத் தொகையையும் கட்டி பிஎல்லை வாங்குங்கள். நஷ்டஈட்டைப் பாக்கியில் நீங்களாகக் கழித்துக்கொள்ள வேண்டாம். கப்பல் கட்டணத்தில் அப்படிக் கழிப்பதைப் பொதுவாக ஏற்பதில்லை, பல ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே தடுக்கின்றன.

இனி, உங்களுக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் கெடு. முதல் சரக்கின் ஹவுஸ் பிஎல்லை எடுத்துக் கீழே கையெழுத்துப் பகுதியைப் பாருங்கள். சரக்கைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஏற்கும் கேரியராக ஃபார்வர்டரே கையெழுத்திட்டிருந்தால் சேதத்துக்கு அவரே பொறுப்பு. கேரியர் பெயரைச் சொல்லி 'அவருக்கு ஏஜென்டாக' என்று இருந்தால், கடலில் நடந்ததற்கு லைனைத்தான் பிடிக்க வேண்டும். ஃபார்வர்டரிடம் அவருடைய கவனக்குறைவுக்கு மட்டுமே கேட்கலாம். துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரைக்குமான பிஎல் என்றால், டெலிவரியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 1993-ஆம் ஆண்டு பன்முகப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் கொடுத்த ஆவணம் என்றால் ஒன்பதே மாதம்தான். உங்கள் முதல் சரக்கு பத்து மாதத்தைத் தொட்டுவிட்டது. பிஎல்லாக இருந்தால் இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. மெயிலில் புகார் அனுப்பினால் கெடு நிற்காது. வழக்கோ, ஒப்பந்தப்படி ஆர்பிட்ரேஷனோ தொடங்க வேண்டும், அல்லது கேரியர் எழுத்தில் கால நீட்டிப்புத் தர வேண்டும். அந்த நீட்டிப்பை இந்த வாரமே கேளுங்கள். மூன்று நாளில் சேத நோட்டீஸ் கொடுக்கவில்லையே என்று அவர்கள் மறுத்தால் மிரள வேண்டாம். அதனால் நிரூபிக்கும் சுமை கூடுமே தவிர கிளெய்ம் செத்துப்போகாது.

அடுத்தது, தண்ணீர் எங்கே பட்டது என்பது. பையரின் டெபிட் நோட் மட்டும் சாட்சியாகாது, சர்வேயர் அறிக்கை வேண்டும். நல்ல சர்வேயர் நனைந்த அட்டையின் மீது ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவார். பால்போல் வெளுத்தால் உப்பு இருக்கிறது, கடல்நீர் என்று சந்தேகிக்கலாம். வெளுக்காவிட்டால் மழைத் தண்ணீர், அல்லது கன்டெய்னருக்குள் வியர்த்துச் சொட்டியது. ஈரம் பட்ட இடமும் பேசும். மேல் அடுக்குப் பெட்டிகள் மட்டும் நனைந்திருந்தால் கூரையிலிருந்து சொட்டியது. கீழ் வரிசையில் இரண்டங்குல உயரத்துக்குப் பழுப்புக் கோடு ஒரே மட்டத்தில் ஓடினால், பெட்டிகள் தண்ணீர் தேங்கிய தரையில் நின்றிருக்கின்றன. அதைச் செய்தது பெரும்பாலும் கன்டெய்னரில் சரக்கை ஏற்றி இறக்கும் சிஎஃப்எஸ் கிடங்கு, கப்பல் அல்ல.

உங்கள் மூன்றாவது சரக்குக்கு இதுவே உயிர்நாடி. எஃப்ஓபியில் சரக்கு கப்பலில் ஏறியதும் அபாயம் பையருடையதாகிவிடுகிறது. கடலில் நனைந்தது என்றால் கிளெய்ம் அவருடையது, உங்கள் பணத்தில் அவர் பிடித்ததே தவறு. கப்பலில் ஏறும் முன்பே தூத்துக்குடி சிஎஃப்எஸ்ஸில் நனைந்தது என்றால் கிளெய்ம் உங்களுடையது. பிஎல்லில் 'பெட்டி சேதம்' என்ற குறிப்பே இல்லாவிட்டால், நல்ல நிலையில் வாங்கிக்கொண்டதாக அவர்களே எழுதிக்கொடுத்ததாகும், அது உங்களுக்குச் சாதகம். முதல் இரண்டு சிஐஎஃப் சரக்குகளில் பிஎல் பையர் பெயருக்குப் போயிருக்கும், வழக்குப் போடும் உரிமையும் கூடவே போயிருக்கும். நஷ்டம் உங்கள் தலையில் விழுந்ததால், அந்த உரிமையை உங்களுக்கு எழுதித் தரச் சொல்லி பையரிடம் கடிதம் வாங்குங்கள். இன்சூரன்ஸ் பாலிசிக்கும் அப்படியே.

சமரசம் பேச வந்தால் ஒன்றில் கவனமாக இருங்கள். என்னிடம் வந்த ஒரு திருப்பூர்க்காரர் 90,000 ரூபாயை வாங்கிக்கொண்டு 'முழு, இறுதித் தீர்வு' என்று கையெழுத்திட்டுவிட்டார். அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம், கேரியரிடமிருந்து வசூலிக்கும் தங்கள் உரிமையையே அவர் அழித்துவிட்டதாகச் சொல்லி மூன்று லட்ச ரூபாய் கிளெய்மை நிராகரித்தது. இன்சூரன்ஸ்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

பிஎல் கைக்கு வந்ததும் விலகல் கடிதம் அனுப்புங்கள். நோட்டீஸ் காலத்தில் புதிய புக்கிங் கிடையாது, நடுவழியில் உள்ள சரக்கு ஒப்பந்தப்படி முடிக்கப்பட வேண்டும், இதுவரை எழுந்த மூன்று கிளெய்மும் விலகலால் பாதிக்கப்படாது என்ற மூன்றையும் அதில் எழுதுங்கள். ஒவ்வொரு கிளெய்முக்கும் சரக்குவாரியாகத் தனிக் கடிதம் போகட்டும். இன்வாய்ஸ் மதிப்பிலிருந்து, நனைந்த துணியை விற்றுக் கிடைத்ததைக் கழித்து, சர்வே கட்டணத்தைச் சேர்த்தால் கேட்கும் தொகை வரும். கேரியரின் பொறுப்புக்குப் பெட்டிக்கு, சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்டிஆரில் 666.67 அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அதுதான் வரம்பு. துண்டுப் பெட்டிக்கு இது தாராளம். ஆனால் பிஎல்லில் '9 பேலட்' என்று மட்டும் இருந்தால் ஒன்பதையே எண்ணுவார்கள். '9 பேலட்டில் 180 பெட்டி' என்று எழுதியிருந்தால் 180. புதிய ஃபார்வர்டரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

அவரிடமிருந்து வாங்க வேண்டிய காகிதங்கள்: எட்டுச் சரக்கின் ஹவுஸ் பிஎல், மாஸ்டர் பிஎல் நகல், கன்டெய்னரில் ஏற்றிய பெட்டிகளை எண்ணிப் பதிந்த சிஎஃப்எஸ் ஸ்டஃபிங் டாலி, லாரி ரசீது, கஸ்டம்ஸ் ஏஜென்டுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதங்கள். ஒவ்வொரு ஷிப்பிங் பில்லையும் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். கப்பலில் போன சரக்குகளை லைன் கஸ்டம்ஸுக்குத் தெரிவிக்கும் பட்டியலான ஈஜிஎம் பதிவாகவில்லை என்றோ, SB006 பிழை என்றோ வந்தால் உங்கள் ஐஜிஎஸ்டி ரீஃபண்டு நின்றுபோயிருக்கும். அதைச் சரிசெய்ய ஃபார்வர்டரும் லைனும்தான் ஓட வேண்டும். நோட்டீஸ் காலம் முடிந்தபின் அவர் உங்கள் போனை எடுக்க மாட்டார், அந்த முப்பது நாளுக்குள் இதை முடித்துக்கொள்ளுங்கள்.