படத்தில் பத்து முட்டை, பக்கெட்டில் நான்கு

கேள்வி: செயலியில் ஒரு உணவகத்தின் 'பக்கெட் மட்டன் பிரியாணி' படத்தைப் பார்த்து 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படத்தில் பெரிய பெரிய கறித்துண்டுகள், பத்து முட்டை. வந்ததில் ஆறு சிறு துண்டும் நான்கு முட்டையும்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மல்லி இலைகள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன, தயிர்ப் பச்சடியிலிருந்தும் ஆவி பறக்கிறது. விமர்சனங்களில் உள்ள படங்களும் அப்படித்தான். இது ஏஐ படம் என்று எப்படி நிரூபிப்பது? வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் ஏஐ படம் என்று நிரூபிக்க வேண்டிய பாரத்தை நீங்களாகத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் பிரிவு 2(28), பொருளின் தன்மை, அளவு, தரம் பற்றி நுகர்வோரைத் தவறாக எண்ணவைக்கும் விளம்பரத்தையே திசைதிருப்பும் விளம்பரம் என்கிறது. படம் கேமராவில் எடுத்ததா, கணினி வரைந்ததா என்ற கேள்வி அங்கே இல்லை. படத்தில் பத்து முட்டை, பக்கெட்டில் நான்கு. உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதுதான்.

இலைகளையும் ஆவியையும் துணைச் சான்றாக வையுங்கள். அவற்றை மட்டும் நம்பி இறங்கினால் எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும். உண்மையான விளம்பரப் படங்களிலும் ஆவியைச் செயற்கையாக உண்டாக்குவதுண்டு. செயலியில் ஏற்றும்போது படம் சுருக்கப்படுவதால் சோறு ஒன்றோடொன்று இழைந்தது போலத் தெரியும். படம் எப்போது, எந்தக் கருவியில் உருவானது என்ற உள்தகவல்களும் பெரும்பாலும் அழிந்துபோகும். 'இது ஏஐ படமா' என்று கண்டுபிடித்துச் சொல்லும் இணையதளங்களின் முடிவை நுகர்வோர் ஆணையத்தில் நீட்டாதீர்கள். நாளைக்கே அதே தளம் மாற்றிச் சொல்லக்கூடும்.

அதனால் பிரமாணப் பத்திரத்தில் 'ஏஐ போலத் தெரிகிறது' என்று எழுதாமல் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எழுதுங்கள்: தட்டின் ஓரத்து மல்லி இலைகள் ஒரே வடிவில், ஒரே இடத்தில் கிழிந்திருக்கின்றன, குளிர்ந்த பச்சடிக் கிண்ணத்திலிருந்து ஆவி எழுகிறது. அதோடு, கேமராவில் எடுத்த மூலக் கோப்பை உணவகம் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கேளுங்கள். சமைத்துப் படம் எடுத்தவரிடம் அது இருக்கும். இல்லை என்றால், அந்தப் பதார்த்தம் ஒருநாளும் சமைக்கப்படவில்லை என்று நீங்கள் வாதிட இடம் கிடைக்கும்.

முதல் வேலை இன்றே திரைப்பதிவு எடுப்பது. புகார் போன மறுநிமிடம் படம் மாறிவிடும். உணவகத்தின் பெயர், விலை, பதார்த்த விவரம், பெரிதாக்கிய படம், உங்கள் ஆர்டர் பக்கம் எல்லாம் ஒரே தொடர் பதிவில் வரட்டும். வந்த உணவைப் பரிமாறும் முன் பக்கெட்டோடு படம் எடுத்திருந்தால் நல்லது. எடுக்கவில்லை என்றால் உடன் சாப்பிட்டவர் ஒருவரின் பிரமாணப் பத்திரம் தேவைப்படும். மின்னணுப் பதிவுகளோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைத்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

அடுத்து, செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்பது வழக்கமான பதில். ஆனால் அதே விதிகளின் 5-வது விதி, விற்பனையாளரின் படங்களும் விவரங்களும் பொருளின் தோற்றத்தோடும் தரத்தோடும் ஒத்திருக்கும் என்று அவரிடம் உறுதிமொழி வாங்கும் கடமையைச் செயலி நிறுவனத்தின் மீது வைக்கிறது. அந்த உறுதிமொழியின் நகலைக் கேளுங்கள்.

'படம் மாதிரிக்கு மட்டுமே' என்று சிறு எழுத்தில் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். 2022 விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தின் முக்கியக் கூற்றுக்கு முரணாகப் பொறுப்புத் துறப்பு இருக்கக் கூடாது. நிறம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதை அது காப்பாற்றலாம், ஆறு முட்டை குறைந்ததைக் காப்பாற்றாது.

தீர்வு வரவில்லை என்றால் 1915 உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உணவகம், செயலி நிறுவனம் இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பணத்தைத் திருப்பித் தருதல், அளவான இழப்பீடு, வழக்குச் செலவு, அந்த விளம்பரத்தை நிறுத்த உத்தரவு ஆகியவற்றைக் கேளுங்கள். 2,400 ரூபாய் பிரியாணிக்குப் பத்து லட்சம் கேட்டால் மனுவின் மதிப்பே போய்விடும். விளம்பரத்துக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிக்கக்கூடிய 10 லட்சம் வரையான அபராதம் வேறு. அது உங்கள் கைக்கு வராது.

விமர்சனப் படங்கள் தனி விவகாரம். விற்பனையாளரே நுகர்வோர் போல விமர்சனம் எழுதுவதை மின்வணிக விதிகளின் 6-வது விதி தடுக்கிறது. ஆனால் எழுதியது அவர்தான் என்பதற்குச் சான்று வேண்டும், படத்தின் சாயல் போதாது. செயலியிடம் 'வாங்கியவர்தானா' என்று சரிபார்க்கச் சொல்லிப் புகாரில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். நீங்கள் விமர்சனம் எழுதும்போது 'மோசடிக்காரர்கள்' என்று போட்டால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம். படத்தில் இத்தனை, வந்தது இத்தனை என்று எண்ணிக்கையோடு எழுதி, உங்கள் படத்தையும் சேர்த்துவிடுங்கள்.