பில் டெக்ஸ்ட்டை டேபிளா மாத்துறது எப்படி?

கேள்வி: பேஸ்ட் பண்ண பில் டெக்ஸ்ட்ல இருந்து ஒவ்வொரு ஐட்டத்தையும் டேபிள்ல போட்டு, டோட்டல் சரியான்னு எப்படி பார்க்கறது?

லைன் ஐட்டம்னா பில்லுல ஒரு பொருளுக்கான ஒரு வரி: பேர், எண்ணிக்கை, விலை, தொகை. பேஸ்ட் பண்ணும்போது நெடுவரிசைக் கோடெல்லாம் போயி வெறும் ஸ்பேஸ்தான் மிஞ்சும், அதனால வரியை வலது பக்கத்துல இருந்து படிங்க.

```
ஏ4 பேப்பர் 80 ஜிஎஸ்எம் 4 12.50 50.00
```

கடைசி மூணு எண்தான் தொகை, விலை, எண்ணிக்கை, மிச்சம் எல்லாமே பேர், இடமிருந்து படிச்சா 80ஐ எண்ணிக்கைன்னு எடுத்துடுவோம். ரயில் எவ்ளோ நீளம்னு தெரியாட்டியும் கடைசிப் பெட்டியில இருந்து எண்ணினா மூணாவது எதுன்னு தெரியும்ல, அப்படித்தான். வலப்பக்கம் எண்ணே இல்லாத வரி பெரும்பாலும் மேல் வரிப் பேரோட தொடர்ச்சி.

அப்புறம் வரிக்கு வரி 4 × 12.50 = 50.00 வருதான்னு பாருங்க, பிறகு தொகையெல்லாம் கூட்டி சப்டோட்டலோட ஒப்பிடுங்க, கடைசியா டிஸ்கவுண்ட், டாக்ஸ். டாக்ஸ்ல 0.01 இடிச்சா பெரும்பாலும் ரவுண்டிங்தான்: 10.10 தொகையில மூணு வரி, 5% டாக்ஸ், வரிவரியா ரவுண்ட் பண்ணா 1.53, மொத்தத்துக்கு போட்டா 1.52.

டோட்டல் ஒத்துப்போனா டேபிளே சரின்னு பலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, எண்ணிக்கையும் விலையும் இடம் மாறி விழுந்திருந்தாலும் பெருக்கினா அதே தொகைதான் வரும்.