எனாமல் ரின்னில் உள்ள நேரங்களின் விளக்கம்

கேள்வி: கேற்றுக்கு வாங்கின எனாமல் ரின்னின் படம் போட்டிருக்கிறன். “தொட உலர 6 மணி, மறுபூச்சு 16 மணி, ரேப்பன்ரைன் 10% வரை” எண்டு கிடக்கு. காலமை அடிச்சா பின்னேரம் ரெண்டாம் கை அடிக்கலாமோ?

பதில்: வேண்டாம், அடுத்த நாள் அடியுங்கோ. 6 மணித்தியாலத்தில் காய்வது மேல்தோல் மட்டும். எனாமல் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகும். முதற்பூச்சு இறுகமுதல் அடுத்ததைப் பூசினால், புதுப் பூச்சின் ரேப்பன்ரைன் அதை ஊறவைத்துச் சுருக்கிவிடும். பெருவிரலை அழுத்தித் திருகிப் பாருங்கோ. தடம் விழுந்தால் 16 மணி கழிந்திருந்தாலும் பொறுக்கவேணும். கார்த்திகை மழைக்கு இன்னும் இழுபடும்.

10% என்பது உச்ச அளவு. ஒரு லீற்றருக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் விட்டால் கம்பியில் வழியும். தூரிகை இலகுவாக ஓடினால் கலக்கவே தேவையில்லை.

எனாமல் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதேங்கோ. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்; வெளியில் விரித்துக் காயவிடுங்கோ.